பதினாலு பேருக்கு ஒரே பிறந்த நாள்

ஒரே நாளில், ஒரே வருஷத்தில் பதினாலு பெண்கள் பிறந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்குக்கூடவா அது கண்ணை உறுத்தவில்லை?

கணினி மையத்துக்காரம்மா திரையை அவள் பக்கம் திருப்பியபோது அவளுக்குள் முதலில் ஓடியது இதுதான். பணம் வராது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இங்க பாருங்கக்கா. பி.எஃப். ரெக்கார்டுல ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. உங்க அடையாள அட்டையில வேற தேதி, ரெண்டு வருஷம் சின்னவங்க நீங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னு கிளெய்மைத் திருப்பிட்டாங்க."

"பணம் போயிடுச்சாம்மா?"

"பணம் எங்கயும் போகல, பத்திரமா இருக்கு. தேதியைத்தான் சரி பண்ணணும். கூட்டு உறுதிமொழின்னு ஒரு படிவம். நீங்களும் கையெழுத்துப் போடணும், கம்பெனியும் போடணும். பள்ளிக்கூடச் சான்றிதழ் நகல் வைக்கணும். பி.எஃப். ஆபீஸ் அதை ஏத்துக்கிட்ட பிறகு மறுபடி கிளெய்ம் போடலாம்."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காலியாக இருக்கும் ஒற்றை அறைக் கடைக்கு இந்தப் பணத்திலிருந்து முன்பணம் கட்ட மாதக் கடைசிவரைதான் தவணை. அவளும் நாத்தனாரும் சேர்ந்து தையல் கடை போடுவதாகப் பேச்சு. நாத்தனார் இப்போதே பெயர்ப்பலகைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை பழைய கம்பெனிக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம் காலர் தைத்த இடம். பணியாளர் பிரிவில் கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி. நாலெழுத்து கூடப் படித்திருந்ததால் மெஷினிலிருந்து மேஜைக்கு ஏறிவிட்டவள்.

"வாடி பொடிசு! கடைக்காரம்மா ஆகப்போறியாமே. எனக்கு ஒரு ஜாக்கெட்டாவது சும்மா தைச்சுத் தருவியா?"

"முதல்ல கடை வரட்டும்டி. உன் அளவுக்கு ரெண்டு ஜாக்கெட் துணி வேணும்."

கண்ணாடிக்காரி மேஜை குலுங்கச் சிரித்தாள். படிவத்தை வாங்கிப் படித்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே மேனேஜரிடம் போய்வந்தாள். திரும்பியபோது படிவத்தோடு இன்னொரு தாளும் இருந்தது.

"சார் போட்டுடுவாரு. ஆனா இந்த லெட்டர்லயும் நீ கையெழுத்துப் போடணுமாம்."

நாலே வரி. வேலையில் சேரும்போது தவறான பிறந்த தேதியைத் தானே கொடுத்ததாகவும், அதில் கம்பெனிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நானா கொடுத்தேன்? அந்த நாள் கண்முன் வந்தது. வேனிலிருந்து இறங்கிய பதினாலு பேரும் வரிசையில் நின்றார்கள். பதினெட்டு முடியாதவர்களை எடுக்க மாட்டார்கள் என்று வழியிலேயே பேச்சு. ஆள் எடுத்த கம்பெனி மேஸ்திரி ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே தேதியை மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போனார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றாள், அதுவும் உண்மை. அடுத்த ஜூன் ஒன்றாம் தேதி கம்பெனி விடுதியில் ஒரே கேக்கைப் பதினாலு துண்டு போட்டுச் சிரித்தார்களே, அப்போதும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தானே. பதினாறு வயதில் பயந்து வாயை மூடியதற்குப் பொய் என்றா பெயர்? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முழுப் பொய்யும் அவளுடையதல்ல.

"என்னடி யோசிக்கிற? கண்ணை மூடிட்டுப் போடு. யாரு படிக்கப்போறா? உனக்குத்தான் அவசரம்."

"உன் தேதியை மாத்திட்டியா?"

கண்ணாடிக்காரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இல்ல. ரிட்டயர் ஆகும்போது பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"அப்போ உன்கிட்டயும் இதே லெட்டரை நீட்டுவாங்க."

"நீட்டட்டும். நீ முதல்ல போட்டுட்டா, மத்தவங்க யாரும் முணுமுணுக்க மாட்டாங்கன்னு சார் சொன்னாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த நாலு வரி எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இவள் போட்டால் பதினாலு பேரும் தாங்களாகவே பொய் சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். எழுதின கை மட்டும் எங்கேயும் இருக்காது.

பேனாவை எடுத்தாள். கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் தன் பெயருக்கு நேரே நிதானமாகக் கையெழுத்திட்டாள். பள்ளிச் சான்றிதழ் நகலை அதோடு சேர்த்துக் குத்தினாள். மற்ற தாளை மடிக்காமல், கசக்காமல், வந்த பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"இது இல்லாம சார் போடமாட்டாருடி. மாசக் கடைசி ஆகிடும், கடை கைய விட்டுப் போயிடும்."

"போடலைன்னா, கம்பெனி கையெழுத்துத் தர மாட்டேங்குதுன்னு பி.எஃப். ஆபீஸ்ல புகார் எழுதிக் கொடுக்கிறேன். நாளாகும், தெரியும்." பேனாவை மூடித் தோழியின் கைக்கு அருகில் வைத்தாள். "இதுல மட்டும் போடமாட்டேன்டி."