கடை திறந்திருக்கும் நேரமெல்லாம்

ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயிலின் முதல் பத்தியில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. பதிவு பெற்ற மருந்தாளர், பதிவு எண் இன்னது, சென்ற வருடம் புதுப்பித்தது, நாளது தேதிவரை என்மீது புகாரோ நடவடிக்கையோ இல்லை. எழுதிவிட்டுத் தனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே விரித்த பாயில் உட்கார்ந்துகொண்டு வாசித்தாலும் அது நிமிர்ந்து நின்றது.

அந்த அறைதான் அவளுக்கு. அண்ணன் வீட்டில் கடைச் சரக்கு வைக்கிற அறை. புருஷன் போன பிறகு வந்து ஒண்டியது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குளுக்கோஸ் பெட்டி எடுக்க யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை தருவார்கள். விளம்பரத்தில் அந்த வரியைத்தான் அவள் இரண்டு தடவை படித்தாள்.

இரண்டாவது பத்தியில்தான் அண்ணன் வந்து நின்றார்.

"என்ன எழுதியிருக்கே? படி."

"'எட்டு வருடங்களாகச் சில்லறை மருந்துக் கடையில், காலை நேரங்களில், மருந்துச் சீட்டு சரிபார்த்து மருந்து வழங்கிய அனுபவம்...'"

"நிறுத்து, நிறுத்து. காலை நேரமா? என் கழுத்துக்குக் கத்தி தீட்டுறியா?"

"காலையிலதானேண்ணா இருக்கேன். மதியத்துக்கு மேல உங்க வீட்டுச் சமையலும் பிள்ளைங்க பாடமும் யாரு பாக்குறா?"

"இருக்கறது வேற, இருக்கறதா காட்டுறது வேற. லைசென்ஸ் உன் பேர்ல. கடை திறந்திருக்கிற வரைக்கும் பார்மசிஸ்ட் உள்ள நிக்கணும்னு சட்டம். ஆஸ்பத்திரிக்காரன் ஒரு வார்த்தை மேல கேட்டுட்டான்னா, 'மதியம் யாருய்யா மருந்து குடுக்குறது'ன்னு வந்து நிப்பான்."

"மின்னல் குடுக்குறான்னு சொல்லுங்க."

மின்னல் என்பது கடைப்பையனாக வந்து நரைத்துப்போன ஆள். வாடிக்கையாளர் சீட்டை நீட்டி முடிப்பதற்குள் மருந்து மேசைமேல் இருக்கும்; அதனால் வந்த பெயர். படித்தது பள்ளிக்கூடம் வரை.

அண்ணி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏங்க, அவ போனா லைசென்சுக்கு என்ன பண்ணுவீங்க?"

"ரிட்டயர்டு பார்மசிஸ்ட் ஒருத்தரோட சர்டிபிகேட்டை வாடகைக்குப் பேசி வச்சிருக்கேன். ஆளு வரமாட்டாரு. காகிதம் மட்டும் வரும்."

"காகிதத்துக்குச் சாப்பாடு போட வேண்டாம். நல்லதுதான்" என்றாள் அண்ணி.

அவளும் சிரித்தாள். சிரித்த வாயோடு அந்த வரியை அழித்தாள். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'கடை திறந்திருக்கும் நேரமெல்லாம், காலை முதல் இரவு வரை, ஒவ்வொரு மருந்தையும் நானே நேரில் சரிபார்த்து வழங்கிவருகிறேன். ஆகவே எந்த ஷிப்டிலும், இரவுப் பணி உட்பட, வேலை செய்ய எனக்குத் தயக்கமில்லை.'

"பாத்தியா, ஷிப்டுக்கும் இது பொருத்தமா வந்துடுச்சு" என்றார் அண்ணன். "எல்லா கடைக்காரனும் இப்படித்தாம்மா எழுதுவான்."

அது உண்மைதான். அந்தத் தொழிலில் அது பொய் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது: அசல் பதிவுச் சான்றிதழோடு நேரில் வரவும். அண்ணனே ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கொண்டார்.

தலைமை மருந்தாளர் வயதானவர். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வார்டுகளுக்குப் போகிற மருந்துத் தட்டுகளை இருவர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் பார்த்துச் சரி சொல்ல. அவளுக்கு அந்த வேலை பார்க்கவே ஆசையாக இருந்தது. பெரியவர் சான்றிதழைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து இரண்டு காகித உறைகளை எடுத்து வைத்தார். அவர்கள் கடையின் பெயர் அச்சடித்த உறைகள்.

"இது என்ன மாத்திரைன்னு சொல்லுங்க."

இரண்டிலும் சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படித்தாள். "இது மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு. வாரத்துல ஒரு நாள் மட்டும். இது ஃபோலிக் ஆசிட், அது போடாத நாள்ல."

"கரெக்ட். உறையில என்ன எழுதியிருக்கு?"

மெத்தோட்ரெக்சேட் உறையில் 'தினம்' என்று இருந்தது. ஃபோலிக் ஆசிட் உறையில் 'வாரம் ஒருமுறை'. எழுத்து மின்னலுடையது, ஒவ்வொரு எழுத்தும் ஓடுகிற எழுத்து.

"உறை மாறிடுச்சு" என்றார் பெரியவர். "வாரம் ஒண்ணு போட வேண்டியதை அந்த நோயாளி தினமும் போட்டிருக்காரு. வாயெல்லாம் வெந்து, வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கி, காய்ச்சலோட கொண்டுவந்தாங்க. முறிவு மருந்தா ஃபோலினிக் ஆசிட் ஏத்திப் பாத்தோம், லேட்டாயிடுச்சு. ஐ.சி.யு.ல இருக்காரு. தேறுவாருன்னு யாரும் சொல்லல. நாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதிட்டிருக்கோம். அந்தச் சமயத்துல உங்க மெயில் வருது."

"சார், அது நான் குடுக்கல."

"அவங்க வீட்டம்மா சாயங்காலம் வாங்கினதா சொல்றாங்க."

"சாயங்காலம் நான் கடையில இருக்கமாட்டேன் சார்."

பெரியவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கடை திறந்திருக்கும் நேரமெல்லாம். நீங்க எழுதினதும்மா. கேக்காமலே எழுதிக் குடுத்திருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இதையே ரிப்போர்ட்டோட வைக்கணும். இல்ல, இது பொய்யின்னு நீங்க இன்னொண்ணு எழுதிக் குடுக்கணும். ரெண்டுல எதுவானாலும் இந்த வேலை இல்ல. அதைச் சொல்லிடறேன்."

ஒரு நிமிடம் கேட்டு வெளியே வந்தாள். அண்ணனிடம் சொன்னாள். அவர் முகம் சாம்பலாயிற்று. ஆனால் வாய் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"இருந்தேன்னே சொல்லிடு. கை தவறிடுச்சுன்னு சொல்லு. மனுஷன்னா தவறாதா? உனக்குக் கொஞ்ச நாள் சஸ்பென்ஷன் குடுப்பான். இல்லைன்னு சொன்னா கடைக்குப் பூட்டு. நீயும் நானும் தெருவுல."

"அண்ணா, அந்த ஆள் பொழைக்கமாட்டாராம்."

"அதுக்கு நாம என்ன பண்றது? நீயா குடுத்தே?"

"அதைத்தானே நான் குடுத்தேன்னு சொல்லச் சொல்றீங்க!"

அண்ணன் பெஞ்சையே பார்த்தார். "மெதுவாப் பேசு" என்றார்.

அவள் உள்ளே திரும்பினாள். குடியிருப்பு அறை போயிற்று, பதிவு எண்ணும் போகக்கூடாது. அது ஒன்றுதான் அவள் பெயரில் இருந்த சொத்து. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, காலையில் மட்டும் இருப்பதையும், மதியத்துக்கு மேல் பார்மசிஸ்ட் இல்லாமல் கடை நடப்பதையும், அந்த வரியை ஏன் எழுதினாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. என் கையால் நடக்கவில்லை என்கிற ஒரு தெளிவு வந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"சரி. அப்ப காலையில நீங்கதான். வேற யாரும் இல்ல."

"ஆமா சார். காலையில நான் மட்டும்தான்."

"அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. அவருக்கு வாய்ப்புண் வந்ததும் ஒரு காலையில உங்க கடைக்கு வந்திருக்காங்க. 'அங்க ஒரு அம்மா இருக்காங்க, தன்மையாப் பேசுவாங்க, ஜெல் குடுத்தாங்க'ன்னு. அன்னைக்கே அந்த மாத்திரையை நிறுத்தியிருந்தா ஆள் தப்பிச்சிருப்பாரு."

நினைவு வந்தது. பச்சைப் பை வைத்திருந்த ஒரு பெண். 'அவருக்கு வாயெல்லாம் புண்ணுங்க, தண்ணி கூட இறங்கல' என்று சொன்னவள். பின்னால் கூட்டம் நின்றது.

"அவர் வேற என்ன மாத்திரை சாப்பிடறாருன்னு கேட்டீங்களா?"

கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் எடுத்த மருந்தை மற்றவர் வாங்கி, படித்து, தட்டில் வைத்தார்.

"காரம் சேக்காதீங்கன்னு சொன்னேன் சார்" என்றாள் அவள்.

பெரியவர் அதையும் எழுதினார்.