முப்பத்தேழாம் நம்பர் ஊதா

வாடிப்பட்டியில் சந்தைக்குப் போகிற தெருவில் நல்லகாமனின் ஜவுளிக்கடை. அதன் வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான், மருது. ரவிக்கை தைப்பது என் தொழில். கடைக்குக் கடிதம் எழுதுவது என் தலைவிதி. நல்லகாமனுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்குமேல் ஒரு வரி எழுதச் சொன்னால் கக்கத்தில் கட்டி வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வான். நானோ எட்டாவது வரை படித்தவன். என் கையெழுத்தைப் பார்த்துத் தபால்காரரே நின்று ரசித்திருக்கிறார். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

முப்பத்தாறாம் வருஷம், சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று மதுரையிலிருந்து வந்த பஸ் ஒரு துணிக்கட்டை எங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போனது. உள்ளே இருபத்தொரு சேலைகள். பரவையில் மொக்கையன் வீட்டுக் கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்கப்போகிற பெண்களுக்கு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில். நல்லகாமன் கட்டைப் பிரித்தான். ஒரு சேலையை உதறினான். அப்படியே கல்லாப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சுடா மருது. என் வாழ்க்கையே போச்சு."

அவன் மிகைப்படுத்தவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். மொக்கையன் அவனுக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். அவர் மகள் அன்னக்கொடியை இவன் முறைப்படி கேட்கலாம், ஆனால் வாயைத் திறக்கப் பயம். உழவைவிட்டுத் துணி கிழிக்கப் போனவன் என்று மாமனுக்கு இவன்மேல் இளக்காரம். பங்குனியில் எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "மொதல்ல என் மகன் கல்யாணத்துக்கு இருவத்தோரு சேலய சொன்ன நிறத்துல கொண்டாந்து எறக்கு. ஒனக்கு யாவாரம் பண்ணத் தெரியுதான்னு பாப்பம். அப்பறம் பொண்ணப் பத்திப் பேசுவம்" என்றாராம்.

இவனும் மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் மொத்தக் கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையிடம் போய் மாதிரித் துணிகள் வாங்கிவந்தான். கை அகலத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதே துணியிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டை அதே நம்பர் போட்டு வெள்ளைத்துரை தன் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார். பின்னால் தகராறு வந்தால் புத்தகம் பேசும். பரவையில் அன்னக்கொடி முப்பத்தேழாம் நம்பரைத் தொட்டு, "இது" என்றாள். அந்த ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாள். நல்லகாமன் அந்தத் துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு ஒன்றைத் தான் எடுத்துவந்தான். முறையாகத்தான் செய்தான்.

இப்போது அந்தத் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து சேலைமேல் வைத்தான். நானும் எழுந்து பார்த்தேன். துண்டு வெளிறிய ஊதா, கத்திரிப்பூ மாதிரி. சேலை அடர்ந்த ஊதா. அப்போது பறித்த கத்திரிக்காய்தான். குருடன்கூட ஒன்று என்று சொல்லமாட்டான்.

"எழுதுடா. காரசாரமா எழுது" என்றான் நல்லகாமன்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அளவு எடுத்து அளவு எடுத்து மனிதன் எவ்வளவு காலம் அடங்கியிருப்பது? பேனாவை மசியில் முக்கினேன்.

"மகாராஜஸ்ரீ வெள்ளைத்துரை அவர்களுக்கு, வாடிப்பட்டி நல்லகாமன் எழுதிக்கொண்டது. தாங்கள் அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. வராமலே இருந்திருக்கலாம். நாங்கள் கேட்டது முப்பத்தேழாம் நம்பர். தாங்கள் காட்டியது பூ, அனுப்பியது காய். இருபத்தொரு சேலையில் ஒன்றுகூட மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. முகூர்த்தம் வைகாசி பத்து. அதற்குள் சரியான நிறத்தில் மாற்றித் தராவிட்டால், தங்கள் கடைக்குக் கண் தெரியாது என்று இந்தத் தாலுகா முழுக்கத் தமுக்கடித்துச் சொல்லவேண்டி வரும்."

"தமுக்கு நல்லாருக்கு. இன்னொரு தமுக்குப் போடு" என்றான்.

"ஒண்ணு போதும். இப்ப அந்தச் சேலை ஓரத்துல ஒரு விரக்கடை வெட்டி வைப்பம். மாதிரித் துண்டுலயும் ஒரு கீத்து வெட்டிக் குடு. ரெண்டையும் கடுதாசியோட குத்தி அனுப்புறதுதான் முறை."

கத்தரிக்கோலோடு கையை நீட்டினேன். அவன் துண்டைப் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"இதுல கை வைக்காத."

"ஒரு கீத்துடா! ஒரு அரைக்கால் அங்குலம்!"

"வேணாம்ங்கறேன்ல. சேலத் துண்டு மட்டும் அனுப்பு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிவாதக்காரன் என்று திட்டிக்கொண்டே உறையை ஒட்டினேன். அப்போதே விளங்கியிருந்தால் இரண்டு அணா பஸ் காசு மிச்சமாகியிருக்கும், ஆனால் இப்படியொரு காலைப்பொழுதை நான் பார்த்திருக்க முடியாது.

அத்தோடு விடாமல் நல்லகாமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரவைக்கே போய் மாமனிடம் நிறம் மாறிய கதையைச் சொல்லிவிட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மாமனுக்கு அது பிடித்துப்போயிற்றாம். "மட்டமான சரக்கத் திருப்பி விட்டியா? அப்பச் சரி. அந்த ஆளு இங்கிட்டு வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்று கம்பைத் தட்டினாராம். இவன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

நாலாம் நாள் பதில் வந்தது. சுருக்கமான கடிதம். என்னுடைய தமுக்குக்கு அவர் பதிலே சொல்லவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

"சேலைகள் யாவும் ஒரே தொட்டியில் ஒரே நாளில் சாயம் ஏறியவை. தாங்கள் அனுப்பிய சேலைத் துண்டு என் புத்தகத்து முப்பத்தேழோடு ஒத்திருக்கிறது. தங்களிடமுள்ள மாதிரியைத் தாங்கள் அனுப்பவில்லை. ஞாயிறு காலை பரவைக்கு நானே வருகிறேன். சேலை, என் புத்தகம், தங்கள் மாதிரி, அவர்கள் வீட்டு மாதிரி, நாலையும் பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பார்த்துவிடலாம். தப்பு என்னுடையதானால் கட்டை நானே தூக்கிப்போகிறேன்."

ஞாயிறு காலை நானும் நல்லகாமனும் துணிக்கட்டோடு பஸ்ஸில் போய் இறங்கியபோது மொக்கையன் வீட்டு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டிருந்தார்கள். மொக்கையன் கம்போடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒச்சாயி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். வெள்ளைத்துரை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் புத்தகம். சண்டைக்கு வந்த ஆள் மாதிரியே இல்லை. மோரை முழுக்கக் குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தார்.

முப்பத்தேழாம் பக்கத்தின்மேல் சேலையை விரித்தார். நான் குனிந்து பார்த்தேன். துண்டு எது, சேலை எது என்று தெரியவில்லை.

"ஒங்க மாதிரிய எடுங்க தம்பி."

நல்லகாமன் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத்துரை அதைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். அப்புறம் ஓரத்தில் மடிந்திருந்த இடத்தை நகத்தால் பிரித்தார். மடிப்புக்குள்ளே ஒரு நூல் அகலத்துக்கு அடர்ந்த ஊதா, பளிச்சென்று.

"இது எங்க வச்சிருந்தீக?"

"கடையிலதான்" என்றான் நல்லகாமன். அவன் காது சிவந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக அந்தத் துண்டு அந்தச் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. சித்திரை வெயிலில் சைக்கிளில் மூட்டை கட்டி மிதிக்கும்போதும் அங்கேதான். சட்டை தொப்பலாக நனையும்போதும் அங்கேதான். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பான். சரக்கு ஞாபகம் என்று நினைத்தேனே, மடையன்! நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்ததால் அது வெளுத்தது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மொக்கையனுக்கு மட்டும் கோபம் ஏறியது. "என்னய்யா இது! புத்தகம் ஒம்ம புத்தகம். நீரு எத வேணாலும் ஒட்டிட்டு வருவீரு. எங்க வீட்டுலயும் ஒரு துண்டு இருக்கு. வெயிலு படாம, தண்ணி படாம, பொட்டிக்குள்ள கெடக்கு. அது சொல்லட்டும் ஞாயத்த! ஏ ஒச்சாயி, எடுத்தா!"

ஒச்சாயி உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. "பொட்டில இல்லையே!" என்றாள். "ஏ புள்ள அன்னக்கொடி, அந்தத் துண்டு எங்கடி?"

நல்லகாமன் தரையைப் பார்த்தான். வெயில் படாமல் வீட்டுக்குள் கிடக்கும் துண்டு அடர்ந்த ஊதாவாகத்தான் வெளிவரும். வந்தால் மாமன் முன்னால் இவன் பொய்யன், யாவாரம் தெரியாதவன். கதை முடிந்தது.

அன்னக்கொடி வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கட்டில்மேல் நல்லகாமனின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

மொக்கையன் பாய்ந்து இரண்டையும் தூக்கிப் பிடித்தார். "பாத்தீரா! பாத்தீராய்யா! ரெண்டும் ஒரே நிறம்! அச்சு அசலா ஒண்ணு! இப்ப என்ன சொல்றீரு?"

வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் வாயில் மோரை வைத்துக்கொண்டு அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மூக்கு வழியாக மோர் வந்தது.

"எதுக்குச் சிரிக்கிறீக?" என்றார் மொக்கையன்.

"ஒரே நிறந்தாண்ணே" என்றார் வெள்ளைத்துரை. "ஒங்க வீட்டுது எம்புட்டு வெளுத்திருக்கோ, அம்புட்டுத்தான் அவரு துண்டும். மடியில முடிஞ்சு ஒரு மாசம் வேர்வையில ஊறுனா எந்த ஊதாவும் நிக்காது. சேலைய நெழல்ல காயப்போடுங்க, வருசக்கணக்கா ஓடும். இந்த ரெண்டு துண்டுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

மொக்கையன் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மருமகனாகப் போகிறவனைப் பார்த்தார். அவருக்கு விளங்க எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? நான் மூக்கைத் துடைத்து, தம்ளரைக் கழுவி வைக்கும்வரை ஆயிற்று.

"ஏலே. ஒரு மாசமாவா சட்டப் பையில வச்சிருந்த?"

"ஆமா மாமா."

"அப்ப சேல சரியாத்தான் வந்திருக்கு?"

"ஆமா மாமா. தப்பு எம்மேலதான்."

மாமன் துண்டுகளைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கம்பைக் கீழே போட்டார். "சொன்ன நிறத்துல கொண்டாந்துட்ட. நான் சொன்ன சொல்லும் மாறாது. இருந்தாலும் நல்லா யாவாரம் பண்ற போ, வந்த சரக்கு சரின்னு மூணாம் மனுசன் வந்து சொல்லவேண்டியிருக்கு!" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்து இருமத் தொடங்கிவிட்டார். கோழிகள் சிதறி ஓடின. தூணோரத்தில் அன்னக்கொடியின் தோள் குலுங்கியது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நல்லகாமன் தலையைத் தூக்கினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் தலை குனியவே இல்லை.

மன்னிப்புக் கடிதம் அங்கேயே எழுதச் சொன்னார்கள். வெள்ளைத்துரை நேரில் உட்கார்ந்திருக்கிறார், எதற்குக் கடிதம் என்று கேட்டேன். "திட்டுனது எழுத்துல. மன்னிப்பும் எழுத்துலதான்" என்றார் மொக்கையன். தமுக்கை வாபஸ் வாங்கினேன். கடைசியில் அன்னக்கொடிக்குக் கல்யாணச் சேலை ஒன்றும் சேர்த்து எழுதச் சொன்னார். "என்ன நிறம் புள்ள?" என்று மகளைக் கேட்டார்.

அன்னக்கொடி கட்டிலைக் காட்டினாள். "அந்த நிறம். வெளுத்தது."

"அதுக்கு எங்கிட்ட நம்பர் கெடையாதேம்மா" என்றார் வெள்ளைத்துரை. "ஒரு கீத்து வெட்டிக் குடுங்க. சாயப்பட்டறையில காட்டி, அதப் பாத்துக் கலந்து தாரேன்."

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கட்டில்மேல் துண்டுகளைக் காணோம். ஒன்று ஏற்கெனவே இடுப்பு முடிச்சுக்குப் போயிருந்தது. மற்றதன்மேல் நல்லகாமனின் கை இருந்தது. மாறி மாறிக் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். மொக்கையன் கம்பைக்கூடத் தேடினார். கடைசியில் கடிதத்தின் அடியில் என் அழகான கையெழுத்தில் இப்படி எழுதி முடித்தேன்:

"மாதிரி இணைக்கப்படவில்லை. இரண்டு பேரும் தர மறுக்கிறார்கள்."