தையல் இலவசம்

கடைவாசலில் 'துணி எடுத்தால் தையல் இலவசம்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து ஜவுளிக்காரருக்குக் கணக்குப்புலி என்று பெயர். தையல் கூலி துணி விலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவருக்கும், கல்லாவில் இருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கு அந்த ஊர்க் காசில் ஐயாயிரம் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முழுத் தொகையும் கட்டாவிட்டால் கல்லூரியில் அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். வங்கியில் அனுப்பக் கட்டணம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் என்றார்கள். புலி விடுமா? 'கட்டணம் அறவே இல்லை' என்று விளம்பரம் செய்த ஒரு செயலியைப் பிடித்தார். செய்தியில் சொன்ன மாற்று விலை தொண்ணூறு ரூபாய். ஐயாயிரத்தை அதால் பெருக்கி, நாலரை லட்சத்தை அனுப்பிவிட்டு, நாள் முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மகள் கணக்கில் ஏறியது நாலாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து. புலி பாய்ந்தது, பெற்ற பெண்மேல். ஊர் சுற்றிச் செலவழித்துவிட்டுக் கதை விடுகிறாயா என்று போனில் கத்தினார். அவள் தன் வங்கிக் கணக்கின் படத்தை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மனைவி செயலியின் ரசீதையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டணம் சுழியம்தான், பொய்யில்லை. அதற்கு அடுத்த வரியில் மாற்று விலை தொண்ணூற்று மூன்றே முக்கால் என்று இருந்தது. அதற்கும் கீழே, போய்ச் சேரும் தொகை நாலாயிரத்து எண்ணூறு. மனிதர் சுழியத்தோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறார். மீதிப் பதினைந்தை அந்த ஊர் வங்கி வரவு வைக்கும்போதே கழித்திருந்தது.

"ஆயிரத்து ஐநூறு மிச்சம் பிடிச்சீங்க. விலையில மட்டும் பதினெட்டாயிரம் போச்சு," என்றாள்.

"கட்டணமே இல்லன்னானேடி, அயோக்கியப் பய!"

"தையலுக்குக் காசு இல்லன்னு நாமளும்தான் சொல்றோம்."

அந்த அவமானத்தைவிட, பெண்ணைத் திருடியாக்கியதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

வங்கிக்கு ஓடினார். குறைந்த இருநூற்றுப் பதினைந்தும் குறையாமல் சேரவேண்டும், அந்தப் பக்கத்துக் கழிவும் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். கட்டணத்தைப் பேரம் பேசாமல் கட்டினார். ரசீதில் போடப்போகும் மாற்று விலை இதுதானா என்று இரண்டு முறை கேட்டதில் கவுண்டர்காரருக்கே அலுத்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். பணம் முழுசாக வந்தது, கட்டியும் விட்டேன் என்றாள். அவர் செயலிக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.

"அதை விடுங்கப்பா. என்னைச் சொன்னதுக்கு?"

"தப்பு என் மேலதாம்மா." சாப்பிட்டீங்களா என்று கேட்டாள் அவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பலகையைப் பார்த்தபடி ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். தையல் நிஜமாகவே இலவசமா என்றார். கல்லாவிலிருந்து மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"தையல் இலவசம்தாங்க," என்றார் ஜவுளிக்காரர். "துணி விலையை மட்டும் பக்கத்துக் கடையில ஒரு தடவை கேட்டுட்டு வாங்க."