நழுவாத பிடி

கயிறு அறுத்த கைக்கு இந்தக் கரும்புள்ளிகள் எங்கேயிருந்து வந்தன?

யசிந்தா அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அண்ணன் சிமியோனின் வலக்கையை மடியில் வைத்து, தழும்பில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அடியோடு இல்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். உள்ளங்கைத் தோலுக்குள் மிளகுத்தூள் புதைந்ததுபோலப் புள்ளிகள். நான்கு மாதங்களுக்கு முன், நங்கூரக் கயிறு சுற்றி அறுத்துவிட்டது என்று சொல்லி அவனைத் தூக்கி வந்தார்கள். அன்று வார்டில் நின்ற தாதி அவள்தான். சதை கருகிய வாடை அவள் மூக்கிலேயே இருந்தது. ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் ‘கயிறு’ என்று எழுதியது அவளுடைய கை.

“ராவிலை பலகை கட்டுறனீங்களோ?”

“ஓம். உன்ரை மச்சாள் கட்டுறாள். சேவலுக்குக் கால் கட்டுற மாதிரி.”

“அவ கட்டாட்டி தழும்பு இழுத்து, இருக்கிற ரெண்டு விரலும் மடங்கிப் போயிடும். பிறகு ஆராலும் நிமித்த ஏலாது.”

ஆஸ்பத்திரி விறாந்தையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. மூங்கில் சிம்பு, தகரம், பிளானல் துணி, செருப்புத் தோல். கை வழங்காமல் போனவர்கள், விரல் இழந்தவர்கள் அங்கே வருவார்கள். அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன வேலை செய்கிறீர்கள், வெறுங்கையால் செய்து காட்டுங்கள். கை அசைகிற விதத்தைப் பார்த்துத்தான் எதை எங்கே கட்டுவது என்று முடிவு செய்வாள்.

சிமியோனுக்கும் அப்படித்தான். உள்ளங்கையைச் சுற்றி ஒரு தோல் பட்டி. பெருவிரல் இருந்த இடத்தில் வேப்பங்கட்டையில் ஒரு முளை. இரண்டு விரல்களும் அந்த முளையோடு சேர்ந்து அழுத்தினால் பொருள் நடுவில் நிற்கும். வலை பொத்துகிற ஊசிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தாள். அவன் நான்கு கண்ணி போட்டான். வியர்த்தது. ஐந்தாவதில் சிரித்தான்.

“பறவாயில்லை, தங்கச்சி. துடுப்பும் பிடிபடும்போலை.”

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“இந்தப் பட்டியிலை இன்னொரு வாய் வெட்டித் தா. இவ்வளவு மொத்தம்.” இடக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினான். “ஒரு சாண் நீளம். இறுக்கிப் பிடிக்க வேணும். வீசினவுடனை விட்டிடவும் வேணும்.”

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். இந்த மேசைக்கு வந்த எல்லோரும் ஒன்றையே கெஞ்சுவார்கள்: பிள்ளை, நழுவக் கூடாது. கோப்பை நழுவக் கூடாது, மண்வெட்டி நழுவக் கூடாது. விடுகிற பிடி வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“என்ன சாமான் அண்ணை?”

“தூண்டில் ஈயம்.”

“செய்து காட்டுங்கோ.”

அவன் தயங்கினான். கைக்குப் பழகிய வேலை. தொடங்கியதும் தானாக ஓடியது. இல்லாத ஒன்றை வலக்கை முகத்துக்கு முன்னே உயர்த்தியது. வாயின் ஓரத்தில் புகையாத ஒரு சுருட்டு. தலை சாய்ந்து, பற்றவைப்பதுபோலச் சுருட்டு நுனியால் அதைத் தொட்டது. கை பின்னுக்குப் போனது. போகும்போதே உதடுகள் அசைந்தன: ஒண்டு, ரெண்டு.

மூன்றுக்கு முன் அவன் நிறுத்திக்கொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பட்டியின் முளையில் மட்டும் எண்ணெய் மினுங்கியது.

“அண்டைக்கும் ரெண்டிலை நிண்டதோ?”

“வெடியின்ரை திரி கட்டையாப் போச்சு.” அவன் மேசையைப் பார்த்தே சொன்னான். “வள்ளக்காரப் பிலிப்புவோடை கதைச்சு முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை திரும்பக் கடலுக்குப் போறம். நீ செய்யாட்டி இடக்கையாலை எறிவன். போன கிழமை எறிஞ்சு பாத்தனான்.”

“எங்கை விழுந்தது?”

அவன் இடக்கையால் பட்டியின் முளையைத் தடவினான். கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு, அவனாகவே: “வள்ளத்துக்குக் கிட்ட. பிலிப்பு நனைஞ்சு போனான்.” சிரிக்கப் பார்த்தான். “உன்ரை பட்டி எண்டால் தூரம் போகும். உனக்கு என்னிலை இரக்கமில்லையே?”

அவளுடைய இரக்கத்தைத்தான் அவன் பணயமாக வைத்தான். செய்து கொடுத்தால் தூரம் போகும். செய்யாவிட்டால் கிட்ட விழும். இரண்டு வழியிலும் அவளுடைய கை இருந்தது, அன்று ‘கயிறு’ என்று எழுதியதுபோல. அவன் மடியில் கிடந்த இடக்கையைப் பார்த்தாள். ஐந்து விரல்கள். முழுசாக.

ஊசியில் மெழுகு நூல் கோத்தாள். பட்டியில் முளைக்குப் பக்கத்தில், தளர்த்தவென்று விட்டிருந்த சிறு வெட்டு ஒன்று இருந்தது; அகட்டினால் அவன் கேட்ட வாய் அதுவேதான். நெருக்கி நெருக்கித் தைத்து அதை மூடினாள்.

“என்னடி செய்யிறாய்?”

“பொத்துற ஊசிக்கும் துடுப்புக்கும் இது காணும் அண்ணை. கோப்பைக்கும் போதும்.” நூலைப் பல்லால் கடித்தாள். “மற்றதுக்கு நான் செய்து தரமாட்டன்.”