நாற்காலியில் வளர்ந்த தசை

மூன்றே வாரத்தில் என் ஓட்டக்காரி சிட்டுவுக்கு இரண்டு கிலோ தசை கூடியிருந்தது. அப்படிச் சொன்னது எங்கள் ஓட்ட அணியின் எடை மெஷின். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால், உடம்பில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று காட்டும்.

நான் அந்த அணியின் பயிற்சியாளர். எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு சீக்கிரம் தசை ஏறாது என்று எனக்குத் தெரியும். தடை செய்த ஊக்கமருந்து ஊசி போட்டால் ஏறும். முன்பு ஒருத்தி அப்படி மாட்டி, அவளோடு சேர்ந்து என் பெயரும் நாறியது. சூடு கண்ட பூனை நான். சிட்டுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலை தொடர் ஓட்டத்துக்கான நால்வரை அறிவிக்க வேண்டும். அவள் பெயரை அடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. என் கையால் வளர்ந்த பெண், வயிறு எரியாதா?

மைதானக் கிடங்கில் மழைத் தண்ணீர் ஒழுகுவதால் மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். சாயங்காலம் கூடத்தில் வைத்ததும் வழக்கம்போல என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நாள் முழுக்க நாற்காலி, வீட்டில் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. எனக்குத் தசை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கு. கொழுப்புகூடக் குறைஞ்சிருக்கு."

"எதைத் தூக்கி வளர்த்தீங்க, காபி டம்ளரையா?"

"நக்கலா? மெஷின் பொய் சொல்லுமா?"

"போன மாசத்துக்கு இந்த மாசம் புதுசா என்ன பண்ணீங்க?"

அவர் நெளிந்தார். "திட்டக் கூடாது. வயசானா தசை கரையுமாம், பத்திரிகையில போட்டிருந்தான். அதான் கிரியேட்டின்னு ஒரு சத்துப் பவுடர் வாங்கித் தினம் ஒரு ஸ்பூன் தண்ணியில கலக்கிக் குடிக்கிறேன்."

"உடற்பயிற்சியோட எடுத்துக்கணும்னு போட்டிருப்பானே."

"அந்தப் பக்கத்த இன்னும் படிக்கல."

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் இந்த மெஷினோடு மாரடித்தவளுக்கு இது உறைக்கவில்லையே. அது தசையைப் பார்ப்பதே இல்லை. உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் திணறும். தடை குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று கணக்குப் போடும். கொழுப்பில்லாத உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர் என்பது அதன் சூத்திரம். தண்ணீரை வைத்து மீதிக் கால் பங்கையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். மொத்த எடையில் அதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்று சொல்லிவிடும். கிரியேட்டின் எடுக்க ஆரம்பித்ததும் அது தசைக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். ஏறியது ஒன்றரைக் கிலோ தண்ணீர் என்றால், மெஷினுக்கு அது இரண்டு கிலோ தசை. இல்லாத அரைக் கிலோவைக் கொழுப்பில் கழித்துக் காட்டும்.

சிட்டுவின் பழைய அளவை எடுத்துப் பார்த்தேன். மொத்த எடை கூடியது ஒன்றரைக் கிலோதான். தசை கூடியது இரண்டு, கொழுப்பு குறைந்தது அரை. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

போன் போட்டேன்.

"சிட்டு, கிரியேட்டின் ஏதாவது எடுக்குறியாடி?"

"ஆமா கோச். போன மாசத்துலேருந்து. தடை செஞ்ச லிஸ்ட்டுல இல்லன்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன். தடை செஞ்சது எதுவும் கலக்கலன்னு சோதிச்சு முத்திரை குத்தின டப்பாதான். பவுடர்னாலே நீங்க கத்துவீங்கன்னு சொல்லல."

"கத்தத்தான் செய்வேன். நாளைக்கு டப்பாவ எடுத்துட்டு வா, நானும் பாக்கணும். வேற ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்ல கோச்."

அவ்வளவு நேரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் துண்டை நீட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய சோம்பேறித்தனத்தைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"தீர விசாரிப்பதே மெய்னு சும்மாவா சொன்னாங்க," என்றார்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

போனில் அவள் இன்னும் இருந்தாள். "கோச், நீங்க என் முகத்தப் பாக்காததால, நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூட சொல்லிட்டேன், இனி ஓடப்போறதில்லன்னு."

"போய் அம்மாகிட்ட மாத்திச் சொல்லு," என்றேன். "நாலு பேர்ல நீதான் கடைசி ஓட்டம். உன்ன ஒரு வார்த்தை கேட்காம முடிவு பண்ணினேன் பாரு, அது என் தப்பு."

"சரிக்கா," என்றாள். அதுவரை என்னை அவள் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.