பத்தொன்பதாம் மாதம்

அன்று பிற்பகல் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இருந்தவர்கள்: திட்டத்தை நடத்தும் பேராசிரியர்; நிதிப்பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த கத்திரி; பட்ஜெட் பக்கங்களை எழுதுவதால் கணக்கு என்று பெயர் வாங்கிய இளைஞன்; அடுத்த அறையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி. கத்திரி என்பதும் பட்டப்பெயர்தான். யார் தொகை கேட்டாலும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அண்ணி, கணக்கின் சொந்த அண்ணனின் மனைவி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஆய்வுக்கூடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. ஒருமுறை பேராசிரியரே வாய் தவறி அண்ணி என்று அழைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆற்று நீர் பற்றிய மூன்று வருடத் திட்டம். பணம் ஒதுக்கியாயிற்று. அடுத்த மாதம் முதல் தேதி தொடக்கம். பட்ஜெட்டில் உள்ள ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்று விளக்கும் ஒரு பக்கம் மட்டும் பாக்கி. அது நான்கு மணிக்குள் பணம் தரும் அமைப்புக்குப் போக வேண்டும்.

முதல் பாதி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆற்றில் நாற்பது இடங்கள், இடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு குழாய், உடைசலுக்குப் பத்து சதவீதம்: இருநூற்று அறுபத்து நான்கு குழாய். நீர் மாதிரிகளை வைக்கும் உறைபெட்டிக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி, அதில் குறைந்தது. அடுத்து ஆய்வுக்கூட உதவியாளர் சம்பளம். அதாவது அண்ணி.

கணினித் தாளில் இருந்த தொகை ஏழு லட்சத்து எண்பத்தோராயிரத்து இருநூறு. அண்ணிக்குப் பாதிச் சம்பளம் இந்தத் திட்டத்திலிருந்து, மறு பாதி பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து என்று பேச்சு. பழைய திட்டத்தில் அவள் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. இங்கே பாதி உறுதி என்றால்தான் அங்கே பாதி தருவார்கள். முழுச் சம்பளம் மாதம் நாற்பதாயிரம். அதில் பாதி, வருடத்துக்கு ஐந்து சதவீத உயர்வு, முப்பத்தாறு மாதம். கணக்கு அதைப் பெருக்கிக் கூட்டிப் பார்த்தான். ஏழு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து அறுநூறு வந்தது. மறுபடி போட்டான். அதேதான். இருபத்து நாலாயிரத்து அறுநூறு எங்கிருந்தோ கூடுதலாக வந்து உட்கார்ந்திருந்தது.

உயர்வை மாற்றிப் பார்த்தான். போனஸ் சேர்த்துப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் விளையாட்டாக, பாதி நேரம் இல்லை, முழு நேரம், ஆனால் பத்தொன்பதாம் மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் என்று போட்டான். இரண்டாம் வருட விகிதத்தில் ஆறு மாதம், மூன்றாம் வருட விகிதத்தில் பன்னிரண்டு. கடைசி இலக்கம்வரை கனகச்சிதமாக வந்து நின்றது.

அப்படியானால் முதல் ஒன்றரை வருடம் அண்ணிக்கு வேலை இல்லை. யார் இப்படி முடிவு செய்தது?

யாரையும் கேட்பதற்கு முன் இந்தத் தொகைக்கு ஒரு விளக்கம் ஒட்டுமா என்று நாலு வரி தட்டிப் பார்த்தான். 'முதல் பதினெட்டு மாதங்கள் அனுமதி பெறுவதற்கும் இடத் தேர்வுக்கும் செலவாகும். நீர் மாதிரிகள் பத்தொன்பதாம் மாதம் முதலே வரும். ஆகவே உதவியாளர் அப்போதிருந்து முழு நேரமாக நியமிக்கப்படுவார்.'

பின்னால் நின்று படித்த பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"ரொம்ப சரி. இப்படித்தான் நான் நினைச்சிருந்தேன்."

"மேடம், நீங்க பாதி நேரம், மூணு வருஷம்னு சொன்னீங்க."

"சொன்னேனா?"

"அண்ணிகிட்டயே சொன்னீங்க. போன மாசம், இந்த அறையில."

"சொல்லியிருப்பேன். ஆனா இது நல்லா இருக்கே. தர்க்கம் இருக்கு. கேள்வி கேட்கவே முடியாது."

தான் இட்டுக்கட்டியதைத் தன்னிடமே யாரோ திருப்பி விற்பது போல இருந்தது அவனுக்கு. அந்தக் கணினித் தாளில் மறைத்து வைத்திருந்த ஒரு நெடுவரிசையைத் திறந்தான். ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதும் நெடுவரிசை அது. உறைபெட்டி வரியில்: 'குறைந்த விலைப்புள்ளி. பத்தொன்பதாம் மாதம் வாங்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம்.' அதற்குக் கீழே உதவியாளர் வரி. அங்கேயும்: 'குறைந்த விலைப்புள்ளி. பத்தொன்பதாம் மாதம் வாங்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம்.'

"உறைபெட்டி வரியை நகல் எடுத்து, பேரையும் சம்பளத்தையும் மட்டும் மாத்தியிருக்காங்க. பாதி நேரங்கிறதை முப்பத்தாறுல பாதின்னு எடுத்து, மாதங்கள்ல பதினெட்டு போட்டிருக்காங்க. தொடக்க மாசம் பத்தொன்பது அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, மேடம். யாரும் எதுவும் நினைக்கல."

"யார் செஞ்சது?"

நாலு பேர் கைபட்ட தாள். அதில் அவன் கையும் உண்டு. பேராசிரியர் கையும் உண்டு. யாருக்கும் நினைவில்லை.

சத்தம் கேட்டு அண்ணி வாசலில் வந்து நின்றாள். கையுறையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரையைக் குனிந்து படித்தாள்.

"ஓராண்டு உத்தரவாதமாவது இருக்கே. கல்யாணத்துல எனக்கு அதுகூடக் குடுக்கல."

கத்திரி சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தொண்டையைச் செருமினார்.

"திருத்திடலாம் சார்," என்றான் கணக்கு அவரிடம். "தொகை குறையத்தானே செய்யுது? உங்களுக்கே பிடிக்குமே."

"குறைக்கலாம் தம்பி. கூட்டத்தான் கூடாது. ஆனா ஒரு வரி குறைஞ்சா மொத்தம் மாறும். நிர்வாகச் செலவு மொத்தத்துல சதவீதம், அதுவும் மாறும். மாறினா இயக்குநர் திரும்பக் கையெழுத்து போடணும். அவர் ஊர்ல இல்ல. திங்கட்கிழமைதான் வருவார்."

"திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் கேட்கலாமே."

"கேட்கலாம். பணம் குடுக்கிறவங்க சரின்னு சொல்வாங்களா, ஒதுக்கினதையே திரும்பப் பார்ப்பாங்களா, எனக்குத் தெரியாது."

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப இது போகட்டும். பணம் உள்ளே வந்ததும் திருத்தம் கேட்போம். ஆறு மாசத்துல ஒரு மறுஆய்வு இருக்கு."

"அதுவரைக்கும் என்னை எங்க வச்சிருப்பீங்க மேடம்?" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டாள். "பெட்டின்னா கடையில இருக்கும். நான்?"

"பக்கத்து லேப்ல பேசிப் பார்க்கிறேன்," என்றார் பேராசிரியர்.

"இங்க பாதி இருந்தாத்தான் அங்க பாதின்னு அவங்க சொல்லிட்டாங்களே."

அண்ணி கையுறையைக் கழற்றப் போனாள்.

கணக்கு அந்த நாலு வரியை மறுபடி படித்தான். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. அனுமதிக்கு அவ்வளவு காலம் ஆகும்தான். மாதிரிகள் அப்போதுதான் வரும். எல்லாம் சரியாக இருந்தது; அப்படி யாரும் நினைத்திருக்கவில்லை என்பது தவிர. இதைவிடக் கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால் பேராசிரியருக்கு உறுத்தியிருக்குமோ? தெரியவில்லை. குறிப்பு நெடுவரிசையில் அண்ணியின் வரியிலிருந்து உத்தரவாதத்தை அழித்தான். கத்திரி "அனுப்பு" என்றார். அனுப்பினான்.

ஆய்வுக்கூடத்துக்குள் போனபோது அண்ணி வெள்ளை அங்கியை மடித்து மேசையில் வைத்திருந்தாள். பையில் தண்ணீர் பாட்டிலும் செருப்பும்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லவா?" என்றான்.

"என்னன்னு சொல்லுவ?"

அவன் யோசித்தான். முதல் வாக்கியமே பிடிபடவில்லை.

"சும்மா இரு. உனக்கே புரியல, அவருக்கு எங்க புரியப்போகுது." ஆய்வுக்கூடச் சாவியை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள். "பத்தொன்பதாம் மாசம் பெட்டி வரும். கதவு திறக்க ஆள் வேணும்ல."

"அண்ணி."

"சாதம் வச்சிருக்கேன். சீக்கிரம் வா."

அவள் வெளியே போனாள். தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது. பூட்டு விழுந்தது.