செல்லசாமியின் கரண்ட் ஆட்டோ

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸாரில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஜொய்சி வேலை செய்துவந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்து அனுப்புவதுதான் தொழில். இன்னும் தயாரிக்கப்படாத நாற்காலி, இன்னும் ஊற்றப்படாத சென்ட் போத்தல், எதைக் கேட்டாலும் போட்டோ பிடித்ததுபோலக் கொடுத்துவிடுவாள். அவளுடைய அம்மா தெரேசாவுக்கு மட்டும் இது விளங்கவில்லை. "இல்லாத சாமானைப் படம் எடுக்கிறா" என்று கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மாடிக்கு ஒருநாள் மழையில் நனைந்தபடி செல்லசாமி வந்து நின்றார். தலவாக்கலையில் ஆட்டோ திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். கக்கத்தில் ஒரு மட்டைப்பெட்டித் துண்டு. அதில் மார்க்கர் பேனையால் ஏதோ கிறுக்கியிருந்தது.

"தங்கச்சி, இது கரண்ட் ஆட்டோ. என் மூளையில வந்தது. நுவரெலியாவுல புதுக் கண்டுபிடிப்புப் போட்டி வச்சிருக்காங்க. ஒரே ஒரு படம் கேக்கிறாங்க. பக்கவாட்டில இருந்து பார்க்கிற மாதிரி, பின்னால எதுவும் இல்லாம. பார்ட்ஸ் எல்லாம் நெசத்துல பூட்டக்கூடியதா இருக்கணுமாம்."

ஜொய்சி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சப்பாத்துக்கு அடியில் ரெண்டு அப்பளத்தை ஒட்டியதுபோல இருந்தது.

"பெட்டரி எங்கண்ணே?"

மட்டையில் ஆட்டோவின் கூரைமேல் மேகம்போலக் கிறுக்கியிருந்ததைச் செல்லசாமி தொட்டுக் காட்டினார்.

"கூரையிலயா? அவ்வளவு பாரத்த மேல வச்சா மொத வளைவுலயே ஆட்டோ படுத்துருமேண்ணே."

"அது சும்மா எடமில்லாம வரைஞ்சது. நீங்களே ஒரு எடம் பாருங்க."

அடுத்த சனிக்கிழமை ஜொய்சி தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள். கராஜில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஆட்டோவைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். ஹேண்டில், முன் வீலைத் தாங்கும் கை, அதிலிருக்கும் சுருள்வில், பின் வீலின் பிரேக் டிரம் என்று எல்லாவற்றுக்கும் நாடா வைத்து அளவெடுத்தாள். செல்லசாமியோடு தரையில் குந்தியிருந்து பேசி, பெட்டரியைப் பயணி சீட்டுக்குக் கீழே, பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பதென்று முடிவாயிற்று. பாரம் தாழ இருக்கும். ஒரேயடியாகப் பின்னுக்குப் போனால் மேட்டில் ஏறும்போது முன் வீல் லேசாகிவிடும். எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் வந்தது. பெட்ரோல் மூடி இருந்த இடத்தில் சார்ஜ் குத்தும் ஓட்டை வந்தது. அதுவரைக்கும் சண்டையில்லை. சண்டை வந்தது சைலன்சரில்.

"சைலன்சர் இல்லாம பின்பக்கம் மொட்டையா இருக்குதே தங்கச்சி!"

"புகையே இல்லாத வண்டிக்குப் புகைக்குழாய் எதுக்குண்ணே?"

"அழகுக்கு."

"போட்டா அவங்க சிரிப்பாங்க."

செல்லசாமி மனசில்லாமல் விட்டுக்கொடுத்தார். கொடுத்த கையோடு, பின்னணியில் ஒரு நீர்வீழ்ச்சியும் நாலு தேயிலை வரியும் கேட்டார். அதையும் ஜொய்சி மறுத்தாள். கம்ப்யூட்டரில் அவள் போட்டது வெறும் வெள்ளைத் தரை, அதுவே பின்னால் வளைந்து சுவராக எழும்பும், மூலையோ கோடோ தெரியாது. மேலே அகலமான ஒரு மெல்லிய வெளிச்சம். வீல்களுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் நிழல், இல்லாவிட்டால் வண்டி அந்தரத்தில் மிதக்கும். தகரத்தின் விளிம்புகளை லேசாக மழுக்கினாள். கதவில்லாத பக்கத்தில் ரெக்சின் திரையைச் சுருட்டிக் கட்டினாள். டயரில் ஒரு பொட்டுத் தூசியும் வைத்தாள். இரைச்சலோடு கம்ப்யூட்டர் படத்தைத் துப்பியபோது, அவளுக்கே ஏறி உட்கார வேண்டும்போல இருந்தது.

செல்லசாமி வந்து பார்த்தார். கண் கலங்கியது. பிறகு குனிந்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"தங்கச்சி, மூணாவது வீல் எங்க?"

"அந்தப் பக்கம்ண்ணே. நேர் பக்கவாட்டில பார்த்தா பின்னால உள்ள ரெண்டு வீலும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. கிட்ட உள்ளது மத்ததை மறைச்சிரும்."

"நெசமான ஆட்டோவுல கொஞ்சமாவது தெரியுமே?"

"நம்ம கண்ணுக்குத் தூரத்துல உள்ளது சின்னதா, வண்டியோட நடுப்பக்கமா ஒதுங்கித் தெரியும், அதனால கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டருக்குள்ள நான் வச்ச கேமராவுல தூரம்கிற கணக்கே இல்ல. அதுதான் சுத்தமான பக்கவாட்டுப் படம்."

"எனக்கு வெளங்குது. அவங்களுக்கு வெளங்கணுமே?"

"படிச்சவங்கண்ணே. வெளங்கும்" என்றாள் ஜொய்சி, கொஞ்சம் மிதப்பாகவே.

படம் போயிற்று. பத்து நாள் கழித்து நுவரெலியாவிலிருந்து அழைப்பு வந்தது, ரெண்டு பேரும் நேரில் வரச்சொல்லி. பரிசுதான் என்று செல்லசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். போட்டிக்குப் பொறுப்பான பிரியந்தி என்ற அம்மா சிரிக்கவே இல்லை.

"இது புதுசா யோசிச்ச திட்டங்களுக்கான போட்டி. நீங்க ஏதோ கம்பெனி வித்துக்கிட்டிருக்கிற வண்டியோட போட்டோவை இண்டர்நெட்டுல இருந்து எடுத்து அனுப்பியிருக்கீங்க."

ஜொய்சிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அதுவும் மோட்டார் சைக்கிள் மாதிரி ரெண்டு வீல்தான் இருக்குது" என்று பிரியந்தி முடித்தார்.

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. செல்லசாமி திரும்பி ஜொய்சியைப் பார்த்தார். மூன்று விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஜொய்சி அவசரமாக லெப்டொப்பைத் திறந்தாள். "மிஸ், இது போட்டோ இல்ல. பாருங்க." ஒரு தட்டில் கூரை மறைந்தது. இன்னொரு தட்டில் சீட்டு. அடியில் பெட்டரி, அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த வயர், அச்சு எல்லாம் வெளியே வந்தன. வண்டியைப் பிடித்துச் சுழற்றினாள். மறுபுறத்திலிருந்து மூன்றாவது வீல் சாவகாசமாக வெளிப்பட்டது.

"ஆ! இருக்குதே!" என்று பிரியந்தி எழுந்தேவிட்டார். "நான் சுத்திப் பார்க்கலாமா?"

மௌஸ் கைமாறியது. பிரியந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியின் முன்கண்ணாடியைக் கழற்றினார், ஹேண்டிலைக் கழற்றினார், முன் வீலைத் தனியே உருட்டிவிட்டார். அது மேசை விளிம்பிலிருந்து விழுவதுபோலத் திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது. "ஐயோ, விழுந்திருச்சு" என்றார், உண்மையாகவே பதறி. செல்லசாமியும் பதறினார். ஜொய்சி எல்லாவற்றையும் பழையபடி பூட்டிக் கொடுத்தாள்.

"சரி, நம்புறேன்" என்றார் பிரியந்தி. "ஆனா மத்த நடுவருங்க இந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டாங்க. படத்தைத்தான் பார்ப்பாங்க. மூணு வீல் தெரியணும்."

"சுத்தமான பக்கவாட்டுன்னா..." என்று ஜொய்சி தொடங்கினாள்.

"தங்கச்சி" என்றார் செல்லசாமி, மெதுவாக.

ஜொய்சி லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். கேமராவில் தூரக் கணக்கைச் சேர்த்து, வண்டியின் நடுவை நோக்கித் தள்ளி நிறுத்தினாள். கிட்ட உள்ள பின் வீலுக்கு முன்பக்கமாக, மூன்றாவது வீல் பிறைபோல ஒரு கீற்று எட்டிப் பார்த்தது. இன்னும் பக்கவாட்டுப் படம்தான். ஆனால் வண்டி முன்னைவிடக் கனமாக, தரையில் ஊன்றி நின்றது. சொல்லப்போனால் இதுதான் நல்ல படம் என்பது ஜொய்சிக்குத் தெரிந்தது.

பிரியந்தி தலையை ஆட்டி, அந்தப் படத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் முடிவு வந்தது. இரண்டாம் சுற்றுக்குத் தேர்வு. செல்லசாமி போன் எடுத்துக் கத்தியதில் கீழே புடவைக்கடைக்காரருக்கே கேட்டிருக்கும்.

"இரண்டாம் சுற்றுல என்ன கேக்கிறாங்கண்ணே?"

மறுபக்கம் செல்லசாமி கடதாசியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வண்டியைச் செஞ்சு ஓட்டிக்கிட்டு வரச் சொல்றாங்க தங்கச்சி" என்றார் செல்லசாமி. "ஏன், செய்யலாம். செய்யாம என்ன? மோட்டார் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ஆனா இவ்வளவு பளபளப்பா வராது. நீங்க ஒரு தரம் வந்து, படத்துல இருக்கிற மாதிரி நெசத்துல எங்கெங்க போல்ட் பூட்டுறதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

படத்தில் ஒரே ஒரு போல்ட் நட்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஜொய்சிக்கு நினைவுக்கு வந்தது.